படத்தில் இருக்கும் dc எந்த ஊர் dc?

ஒரு பழைய குரோஷா புத்தகத்தின் பக்கம், கைப்பேசியில் எடுத்த படமாக வந்து சேர்கிறது. மேல்பாதியில் வட்டமான சிறு மேசை விரிப்பின் வரைபடம்: முட்டை வடிவங்கள், சின்னச் சின்ன சிலுவைகள், மேலே குறுக்குக்கோடு போட்ட ஈர்க்குச்சிகள். கீழே நான்கு வரி ஆங்கிலம். வலது பக்கத்தில் கட்டைவிரலின் நிழல் விழுந்திருக்கிறது. குறியீடுகளுக்கு விளக்கம் தரும் பக்கம் புத்தகத்தின் முன்பகுதியிலேயே நின்றுவிட்டது. நான்காம் சுற்றுக்கான வரி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. படம் எடுத்தவருக்கு இரண்டும் தேவையில்லை. அவருக்கு ஏற்கெனவே தெரியும். படத்தைப் பெற்றவருக்குத்தான் சிக்கல்.

குரோஷா போடுகிற பலர் தாளைப் பார்த்துக் கற்றவர்கள் இல்லை. அம்மாவோ பெரியம்மாவோ பக்கத்தில் உட்கார்ந்து ஊசியைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். செய்து முடித்த விரிப்பு ஒன்றைக் கையில் கொடுத்தால் புரட்டிப் பார்த்து அப்படியே போட்டுவிடுவார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்துவது தாளில் உள்ள ஆங்கிலச் சுருக்கங்கள்தான். அந்தச் சுருக்கங்களை ஒவ்வொரு தையலாகப் பிரித்துத் தமிழில் எழுதிக்கொள்ள முடியும். அதற்குத் தேவையான சான்றுகளில் பெரும்பாலானவை படத்துக்குள்ளேயே இருக்கும்.

நம் எடுத்துக்காட்டுப் படத்தில் உள்ள வரிகள் இவை. பல புத்தகங்களில் சிறு மாற்றங்களோடு காணக்கிடைக்கும் எளிய வட்ட விரிப்புதான் இது.

```
ch 6, sl st to form ring.
Rnd 1: ch 3 (counts as dc), 15 dc in ring,
  sl st in top of ch-3.
Rnd 2: ch 4 (counts as dc + ch 1),
  *dc in next dc, ch 1; rep from * around,
  sl st in 3rd ch of ch-4.
Rnd 3: sl st in next sp, ch 3, dc in same sp, ch 1,
  *2 dc in next sp, ch 1; rep from * around,
  sl st in top of ch-3.
```

ch என்பது சங்கிலி. பலரும் செயின் என்றே சொல்வார்கள். sl st என்பது ஸ்லிப் ஸ்டிட்ச்: உயரமே இல்லாமல், ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு இணைக்கவோ அடுத்த இடத்துக்கு நகரவோ போடும் தையல். Rnd என்பது சுற்று, sp என்பது சங்கிலிக்குக் கீழே உள்ள இடைவெளி, rep என்றால் மீண்டும் செய். இவற்றில் குழப்பம் ஏதும் இல்லை. குழப்பம் முழுவதும் dc என்ற இரண்டு எழுத்துகளில் இருக்கிறது.

அமெரிக்கப் புத்தகத்தில் dc என்பது ஒரு தையல். இங்கிலாந்துப் புத்தகத்தில் அதே dc வேறொரு தையல். இரண்டு நாட்டிலும் அதை டபுள் குரோஷா என்றுதான் விரித்துச் சொல்கிறார்கள். நம் வீட்டு அலமாரிகளில் இரண்டு வகைப் புத்தகங்களும் கலந்தே கிடப்பதால், படத்தில் இருப்பது எந்த dc என்று முடிவு செய்யாமல் ஊசியை எடுக்க முடியாது.

ஊசியில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் வேறுபாடு விளங்கும். மிகக் குட்டையான தையலுக்கு, ஊசியில் உள்ள ஒரு கண்ணியோடு ஊசியைத் தையலுக்குள் நுழைத்து நூலை இழுக்க வேண்டும். இப்போது ஊசியில் இரண்டு கண்ணிகள். இன்னொரு முறை நூலைப் பிடித்து இரண்டின் வழியாகவும் இழுத்தால் தையல் முடிந்தது. அமெரிக்கர்கள் இதை sc, அதாவது சிங்கிள் குரோஷா என்கிறார்கள். இங்கிலாந்தில் இதுதான் dc.

அடுத்த உயரத் தையலுக்கு, நுழைக்கும் முன்பே நூலை ஊசியில் ஒருமுறை சுற்றிக்கொள்ள வேண்டும். நுழைத்து இழுத்தால் ஊசியில் மூன்று கண்ணிகள் இருக்கும். இரண்டை முடித்து, மறுபடி இரண்டை முடிக்க வேண்டும். அமெரிக்காவில் இது dc. இங்கிலாந்தில் tr, அதாவது ட்ரெபிள். நூலை இரண்டு முறை சுற்றித் தொடங்கினால் நான்கு கண்ணிகள் வரும். அது அமெரிக்காவில் tr, இங்கிலாந்தில் dtr. இப்படி ஒவ்வொரு தையலுக்கும் இரு நாட்டுப் பெயர்கள் ஒரு படி தள்ளி நிற்கின்றன. நினைவில் வைக்க ஒரு வழி உண்டு. முதலில் நூலை உள்ளே இழுத்த பிறகு எத்தனை இழுப்பில் தையல் முடிகிறது என்று எண்ணினால் அமெரிக்கப் பெயர் வரும்: ஒன்று, இரண்டு, மூன்று. அந்த நிலையில் ஊசியில் எத்தனை கண்ணிகள் இருக்கின்றன என்று எண்ணினால் இங்கிலாந்துப் பெயர் வரும்: இரண்டு, மூன்று.

இனி சான்று தேடலாம். படத்தில் எங்காவது sc என்று ஒரு சொல் இருந்தால் வழக்கு முடிந்தது; இங்கிலாந்து முறையில் sc என்ற தையலே வழக்கில் இல்லை. hdc இருந்தாலும் அமெரிக்க முறைதான். அதே தையலை இங்கிலாந்தில் htr என்பார்கள். நம் படத்தில் இரண்டும் இல்லை. sc இருந்திருக்க வேண்டிய நான்காம் சுற்று வரிதான் விடுபட்டுப் போயிற்றே.

ஆனால் முதல் சுற்றிலேயே ஒரு சாட்சி இருக்கிறது: ch 3 (counts as dc). ஒரு சுற்றைத் தொடங்கும்போது, அந்தச் சுற்றில் வரும் தையலின் உயரத்துக்கு ஏற்ற அளவு சங்கிலி போட்டு மேலே ஏறுவது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். மிகக் குட்டைத் தையலுக்கு ஒரு சங்கிலி, அரை உயரத் தையலுக்கு இரண்டு, நூலை ஒருமுறை சுற்றிப் போடும் தையலுக்கு மூன்று, இரண்டு முறை சுற்றிப் போடுவதற்கு நான்கு. மூன்று சங்கிலி ஒரு dc ஆகக் கணக்காகிறது என்றால், இந்த dc மூன்று சங்கிலி உயரமுள்ள தையல். ஆகவே இது அமெரிக்க dc. இங்கிலாந்துப் புத்தகமாக இருந்தால் அந்த இடத்தில் counts as tr என்று எழுதியிருக்கும்.

இன்னும் வலுவான சாட்சி மேலே உள்ள வரைபடம். எழுத்துகளின் பொருள் நாட்டுக்கு நாடு மாறினாலும் குறியீடுகளின் பொருள் மாறுவதில்லை. ஜப்பானியப் பின்னல் புத்தகங்களில் வரைபடமே செய்முறையின் முதுகெலும்பு. அதற்கென்று அந்நாட்டின் தொழில் தரநிர்ணயத்தில் தனி ஆவணமே இருக்கிறது. அமெரிக்க, ஐரோப்பியப் புத்தகங்களின் வரைபடங்களும் அடிப்படைத் தையல்களுக்குப் பெரும்பாலும் அதே வடிவங்களைத்தான் பயன்படுத்துகின்றன. ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாதவர் அந்தப் புத்தகங்களைப் பார்த்துக் குரோஷா போட முடிவது இதனால்தான்.

முட்டை வடிவம் சங்கிலி. கறுப்புப் புள்ளி ஸ்லிப் ஸ்டிட்ச். பெருக்கல் குறி அல்லது கூட்டல் குறி மிகக் குட்டைத் தையல்; இரண்டில் எது போட்டிருந்தாலும் பொருள் ஒன்றே. ஆங்கில T போன்ற வெறும் வடிவம் அரை உயரத் தையல். அந்த T-யின் தண்டில் ஒரு சாய்கோடு இருந்தால் நூலை ஒருமுறை சுற்றிப் போடும் தையல். இரண்டு சாய்கோடு இருந்தால் இரண்டு முறை. அரை உயரத் தையல் மட்டும் விலக்கு: அதற்கும் நூலை ஒருமுறை சுற்றத்தான் வேண்டும், ஆனால் மூன்று கண்ணிகளையும் ஒரே இழுப்பில் முடித்துவிடுவதால் அதற்குச் சாய்கோடு போடுவதில்லை. சாய்கோடு வெறும் அடையாளத்துக்காகப் போட்டது என்று நினைக்க வேண்டாம். செய்து முடித்த துணியில் உயரத் தையலைக் கூர்ந்து பார்த்தால், அதன் உடலின் நடுவே ஒரு நூல் சாய்வாகக் குறுக்கே போவது தெரியும். நுழைக்கும் முன் சுற்றிய நூல் அது. பக்கத்தில் முடிந்த விரிப்பின் படமும் இருந்தால், அதைப் பெரிதாக்கிப் பார்த்து வரைபடத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

நம் படத்தில் முதல் சுற்றின் தண்டுகளில் ஒரு சாய்கோடு தெரிகிறது. எழுத்தும் குறியீடும் ஒத்துப்போகின்றன.

தெரிகிறது என்று சொன்னாலும், எல்லாத் தண்டுகளிலும் தெரிவதில்லை. புகைப்படம் முதலில் தின்பது இந்தச் சாய்கோட்டைத்தான். படம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும்போது ஒவ்வொரு முறையும் சுருக்கப்பட்டு, மெல்லிய கோடுகள் வெள்ளையில் கரைந்துவிடுகின்றன. சாய்கோடு போனால் உயரத் தையல் அரை உயரத் தையலாகத் தோன்றும். இந்த ஐயம் வந்தால் தண்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அந்தச் சுற்று தொடங்கும் இடத்துக்குப் போய், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் முட்டைகளை எண்ண வேண்டும். முட்டைகள் பெரியவை, எளிதில் அழிவதில்லை. மூன்று இருந்தால் உயரத் தையல். இரண்டே இருந்தால் அரை உயரம். சங்கிலி ஏறி முடித்ததும் பக்கவாட்டில் ஒரு முட்டை படுத்திருந்தால், அது உயரத்தில் சேராது. அடுத்த இடைவெளிக்கான சங்கிலி அது. இரண்டாம் சுற்றின் தொடக்கத்தில் நான்கு முட்டைகள் இருப்பதற்குக் காரணம் இதுதான். மூன்று ஏறுவதற்கு, நான்காவது இடைவெளிக்கு. வரியில் counts as dc + ch 1 என்று சொல்லியிருப்பதும் அதையேதான்.

சாய்வாக எடுத்த படத்தில் வட்டம் நீள்வட்டமாகிவிடும். எட்டத்தில் உள்ள தண்டுகள் குட்டையாகவும் கிட்டத்தில் உள்ளவை நெட்டையாகவும் தெரியும். ஆகவே ஒரு பக்கத்துத் தண்டை எதிர்ப்பக்கத்துத் தண்டோடு ஒப்பிட்டு உயரம் முடிவு செய்யக் கூடாது. வட்ட விரிப்பில் ஒரே அமைப்புதான் சுற்றிச் சுற்றி வரும். தெளிவாகத் தெரியும் ஒரு கால்வட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைத் திரையில் பெரிதாக்கி வைத்து, மற்ற முக்காலையும் மறந்துவிடலாம். விரலின் நிழல் விழுந்த பகுதியைப் பற்றிய கவலையும் அதோடு தீர்ந்தது.

புள்ளிகள் இன்னொரு தொல்லை. ஸ்லிப் ஸ்டிட்சுக்கான கறுப்புப் புள்ளியும் பழைய தாளின் கறையும் படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஒவ்வொரு சுற்றும் தொடங்கிய இடத்திலேயே முடிகிறது. முடியும் இடத்தில் ஒரு புள்ளி இருந்தே தீர வேண்டும். அடுத்த சுற்று ஓர் இடைவெளியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தால், அதுவரை நகர இன்னும் ஒன்றிரண்டு புள்ளிகள் இருக்கும். வேறு எங்காவது தனியாக நிற்கும் புள்ளி பெரும்பாலும் கறைதான்.

படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம்வலம் மாறியிருக்கவும் கூடும். முன்பக்கக் கேமராவில் எடுத்தால் சில கைப்பேசிகளில் இப்படி ஆகிறது. வலக்கையால் போடுபவர்களுக்கான வட்ட வரைபடத்தைக் கடிகார முள் ஓடும் திசைக்கு எதிராகப் படிக்க வேண்டும். சுற்று எண்கள் தலைகீழ் எழுத்தாகத் தெரிந்தால் படம் புரண்டிருக்கிறது என்று பொருள், கைப்பேசியிலேயே திருப்பிவிடலாம். இடக்கைக்காரர்களுக்கு மட்டும் அந்தப் புரண்ட படம் உண்மையிலேயே வசதி, ஏனென்றால் அவர்கள் வேலை செய்யும் திசை அதுதான்.

இனி வரிகளைத் தமிழாக்கலாம். அதற்கு முன் ஒரு சிறு கோட்டைக் கவனிக்க வேண்டும். ch 3 என்று இடைவெளி விட்டு எழுதியிருந்தால் மூன்று சங்கிலி போடு என்ற கட்டளை. ch-3 என்று நடுவில் கோடு இருந்தால், ஏற்கெனவே போட்ட மூன்று சங்கிலியைச் சுட்டுகிறது; புதிதாக எதுவும் போட வேண்டாம். மங்கிய படத்தில் இந்தக் கோடு மறைந்துபோகும். அப்போது முன்னால் உள்ள சொல்லைப் பார்க்க வேண்டும். in top of, of போன்ற சொற்களுக்குப் பின் வந்தால் அது இடத்தின் பெயர். வாக்கியத்தின் தொடக்கத்திலோ காற்புள்ளிக்குப் பின்னோ தனியாக வந்தால் கட்டளை.

எண் நிற்கும் இடமும் அப்படித்தான். மூன்றாம் சுற்றில் உள்ள 2 dc in next sp என்றால், அடுத்த இடைவெளி ஒன்றுக்குள்ளேயே இரண்டு தையல். dc in next 2 sps என்று இருந்தால், அடுத்த இரண்டு இடைவெளிகளில் ஒவ்வொன்றிலும் ஒரு தையல். இரண்டிலும் போடும் தையல் இரண்டுதான், ஆனால் முதலாவதில் விரிப்பு அகலும், இரண்டாவதில் அகலாது. வரைபடத்தில் இந்த வேறுபாட்டைத் தண்டுகளின் அடி சொல்லிவிடும். இரண்டு தண்டுகளின் அடியும் ஒரே இடத்தில் கூடியிருந்தால் ஒரே இடத்தில் போட வேண்டும். மேல்முனைகள் கூடி அடிகள் பிரிந்திருந்தால் அது நேர்மாறு: பல தையல்களை ஒன்றாக முடித்துக் குறைப்பது.

இவற்றை மனத்தில் வைத்து முதல் மூன்று சுற்றையும் எழுதினால் இப்படி வரும்.

ஆறு சங்கிலி போட்டு, முதல் சங்கிலியில் ஸ்லிப் ஸ்டிட்ச் போட்டு வளையமாக்க வேண்டும். முதல் சுற்றுக்கு மூன்று சங்கிலி ஏற வேண்டும். இது ஒரு தையலாகக் கணக்கு. பிறகு நூலை ஒருமுறை சுற்றி, ஊசியை வளையத்தின் நடு ஓட்டைக்குள் விட்டு, பதினைந்து உயரத் தையல் போட வேண்டும். மூன்று சங்கிலியின் உச்சியில் இணைக்க வேண்டும். மொத்தம் 16.

இரண்டாம் சுற்றுக்கு நான்கு சங்கிலி. அடுத்த தையலின் தலையில் ஓர் உயரத் தையல், பிறகு ஒரு சங்கிலி. நட்சத்திரக் குறியிலிருந்து மீண்டும் செய் என்பது இந்த இணையைத்தான். மொத்தம் 15 இணை வர வேண்டும். தொடக்கத்து நான்கு சங்கிலியே பதினாறாவது இணை. இணைக்கும்போது நான்கு சங்கிலியில் கீழிருந்து மூன்றாவதில் ஊசியை நுழைக்க வேண்டும். இப்போது 16 தையல், 16 இடைவெளி.

மூன்றாம் சுற்றில் முதலில் ஒரு ஸ்லிப் ஸ்டிட்ச் போட்டு பக்கத்து இடைவெளிக்குள் நகர வேண்டும். மூன்று சங்கிலி ஏறி, அதே இடைவெளியில் இன்னோர் உயரத் தையல், ஒரு சங்கிலி. அடுத்த ஒவ்வோர் இடைவெளியிலும் இரண்டு உயரத் தையல், ஒரு சங்கிலி. மூன்று சங்கிலியின் உச்சியில் இணைத்தால் 32 தையலும் 16 இடைவெளியும் இருக்கும்.

நான்காம் சுற்றுக்கு வரியே இல்லை, வரைபடம் மட்டும்தான். தெளிவான கால்வட்டத்தில் மூன்றாம் சுற்றின் நான்கு இடைவெளிகள் தெரிகின்றன. முதல் இடைவெளியின்மேல் ஒரு பெருக்கல் குறி. இரண்டாவதில், ஒரே அடியிலிருந்து விசிறிபோல் விரியும் ஐந்து தண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு சாய்கோடு. மூன்றாவதில் மறுபடி பெருக்கல் குறி. நான்காவதில் மறுபடி விசிறி. குறிக்கும் விசிறிக்கும் நடுவே முட்டை எதுவும் இல்லை. ஆகவே நடுவில் சங்கிலி போட வேண்டியதில்லை. நான்கு இடைவெளிக்கு இரண்டு குறியும் இரண்டு விசிறியும் என்றால், 16 இடைவெளிக்கு எட்டும் எட்டும்.

சுற்று தொடங்கும் இடத்தில் மூன்று புள்ளிகள் வரிசையாக இருக்கின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் மை சிந்தியதுபோல் தோன்றும். ஆனால் மூன்றாம் சுற்று முடிந்தது மூன்று சங்கிலியின் உச்சியில். அதற்கு ஒரு புள்ளி. அதன் பக்கத்தில் ஓர் உயரத் தையல் இருக்கிறது. அதன் தலையைக் கடக்க ஒரு புள்ளி. அப்புறம்தான் இடைவெளி, அதற்குள் நுழைய ஒரு புள்ளி. மூன்றுக்கும் வேலை இருக்கிறது. பிறகு ஒற்றை முட்டை, அதன் பக்கத்தில் பெருக்கல் குறி: ஒரு சங்கிலி ஏறி, அதே இடைவெளியில் ஒரு குட்டைத் தையல். இந்த ஒற்றைச் சங்கிலியைத் தையலாகக் கணக்கிடக் கூடாது. பெருக்கல் குறி தனியாக வரைந்திருப்பதிலிருந்தே அது தெரியும். விடுபட்ட வரியை இப்போது நாமே எழுதிவிடலாம்.

```
Rnd 4: sl st in next dc and next sp, ch 1, sc in same sp,
  5 dc in next sp, *sc in next sp, 5 dc in next sp;
  rep from * around, sl st in first sc.
```

எட்டுக் குட்டைத் தையல், ஐந்தைந்தாக எட்டு விசிறி, மொத்தம் 48 தையல். ஓரம் எட்டு இதழாக வளைந்து நிற்கும்.

சுற்றுக்குச் சுற்று எண்ணிக்கையை எழுதிவைக்கச் சொல்வது சிலருக்குச் சலிப்பாக இருக்கலாம். ஆனால் இந்த விரிப்பில் எல்லோரும் செய்யக்கூடிய தவறு ஒன்று இருக்கிறது. எண்ணாமல் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. இரண்டாம் சுற்றின் முடிவில், நான்கு சங்கிலியின் மூன்றாவதில் இணைக்காமல் கை பழக்கத்தில் உச்சியில், அதாவது நான்காவதில் இணைத்துவிட்டால் என்ன ஆகும்? இடைவெளியாக நின்றிருக்க வேண்டிய அந்தச் சங்கிலி இணைப்பில் அடங்கிவிடும். 16 இடைவெளிக்குப் பதிலாக 15. கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாது. மூன்றாம் சுற்றும் சுமுகமாகவே போகும். நான்காம் சுற்றில்தான் வெளிப்படும்: குறி, விசிறி, குறி, விசிறி என்று மாற்றி மாற்றி வந்து, கடைசி இடைவெளியில் மறுபடி குட்டைத் தையல் வந்து நிற்கும். அதற்குப் பக்கத்திலேயே சுற்றின் முதல் குட்டைத் தையல். ஓரத்தில் இதழ் ஏழாகிவிடும். பிழை நான்காம் சுற்றில் தெரிந்தாலும் பிரிக்க வேண்டியது இரண்டாம் சுற்றின் முடிவுவரை.

dc-யைத் தவறாக எடுத்துக்கொண்டால் அதன் அடையாளம் வேறு மாதிரி. இந்த வரிகளை இங்கிலாந்து முறை என்று நினைத்து, உயரத் தையலுக்குப் பதில் மிகக் குட்டைத் தையலைப் போட்டுப் பார்த்தால், முதல் சுற்றிலேயே மூன்று சங்கிலி மட்டும் தனியாக மேலே துருத்திக்கொண்டு நிற்கும். அதையும் பொருட்படுத்தாமல் தொடர்ந்தால், இரண்டு மூன்று சுற்றுக்குள் விரிப்பு தட்டையாகப் படியாமல் ஓரம் அலையலையாக எழும்பும்.

காரணம் எளிய கணக்கு. ஒவ்வொரு சுற்றிலும் வட்டத்தின் ஆரம் ஒரு தையல் உயரம் கூடுகிறது. அப்போது சுற்றளவு அந்த உயரத்தைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு கூட வேண்டும். குட்டைத் தையலின் உயரமும் அகலமும் கிட்டத்தட்டச் சமம் என்பதால், தட்டையான வட்டத்துக்குச் சுற்றுக்கு ஆறு தையல் கூட்டினால் போதும். அமெரிக்க dc அதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு உயரம் என்பதால் சுற்றுக்குப் பன்னிரண்டு தேவை. நம் விரிப்பில் முதல் மூன்று சுற்றும் சங்கிலிகளையும் சேர்த்து 16, 32, 48 என்று பதினாறு பதினாறாக வளர்கின்றன. நடுவில் அகலமான வளையம் இருப்பதாலும், நடுவே வரும் ஒற்றைச் சங்கிலிகள் தையலைவிட ஒடுங்கி நிற்பதாலும் உயரத் தையலுக்கு இது பொருந்துகிறது. ஆறு மட்டும் தேவைப்படும் குட்டைத் தையலுக்குப் பதினாறு போய்ச் சேர்ந்தால், இடம் போதாமல் ஓரம் மடிந்து எழத்தான் செய்யும்.

தவறு எதிர்ப்பக்கமும் நடக்கும். இங்கிலாந்துப் புத்தகத்தின் tr-ஐ அமெரிக்க tr என்று நினைத்து நூலை இரண்டு முறை சுற்றிப் போட்டால், தையல்கள் தொடக்கச் சங்கிலியைத் தாண்டி உயர்ந்துவிடும். சுற்று தொடங்கிய இடத்தில் மட்டும் துணி உள்ளே இழுபட்டுப் பள்ளம் விழும். துருத்தினாலும் பள்ளம் விழுந்தாலும், முதல் சுற்றின் தொடக்கச் சங்கிலியைப் பக்கத்துத் தையலோடு சேர்த்துப் பார்த்தாலே போதும். இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் பெயரைச் சரியாகப் படித்திருக்கிறோம்.

படத்திலிருந்து எல்லாவற்றையும் மீட்டுவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தையலின் தலையில் இரண்டு இழைகள் உண்டு. அவற்றில் பின்னிழையில் மட்டும் ஊசியை நுழைக்கச் சொல்லும் குறி, தண்டின் அடியில் ஒரு சிறு வளைகோடுதான். முன் சுற்றுத் தையலின் உடலைச் சுற்றிப் பிடித்துப் போடுவதற்கான குறி, அடியில் ஒரு கொக்கி. கொக்கி இடப்பக்கம் வளைந்தால் ஒன்று, வலப்பக்கம் வளைந்தால் இன்னொன்று. சாய்கோட்டையே தின்றுவிடும் படத்தில் இவை தப்பிப்பது கடினம். தொடக்கச் சங்கிலியை எண்ணியும் இவற்றைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் உயரம் மாறுவதில்லை. தண்டுகளின் அடியில் ஏதோ அழுக்குப்போல் ஒட்டிக்கொண்டிருப்பது ஒரு சுற்று முழுவதும் ஒரே இடத்தில் தெரிந்தால், அது அழுக்காக இருக்க வாய்ப்பில்லை. படம் அனுப்பியவரிடம் அந்தப் பகுதியை மட்டும் கிட்டத்தில் வைத்து, நேர் மேலிருந்து, மறுபடி எடுக்கச் சொல்வதே வழி. கேட்கும்போது குறிவிளக்கப் பக்கத்தையும் புத்தகத்தின் அட்டைக்கு அடுத்த பக்கத்தையும் சேர்த்துக் கேட்பது நல்லது. எந்த நாட்டு வழக்கு என்ற குறிப்பு பெரும்பாலும் அந்த இரண்டில் ஒன்றில் அச்சாகியிருக்கும்.

வண்ணத்தில் அச்சான வரைபடங்களில் ஒரு சுற்று கறுப்பாகவும் அடுத்தது சிவப்பாகவும் இருக்கும். அதைப் பார்த்து இரண்டு நிற நூல் வாங்கிவிட வேண்டாம். அடுத்தடுத்த சுற்றுகள் கண்ணில் கலக்காமல் இருக்கவே பெரும்பாலும் நிறம் மாற்றுகிறார்கள். நூல் மாற வேண்டுமானால் அது வரிகளில் எழுத்தாகவே சொல்லப்பட்டிருக்கும்.

நூலின் கனத்தையும் ஊசியின் அளவையும் படம் சொல்லாது. நூற்கண்டின் மேலுறையில் அந்த நூலுக்கேற்ற ஊசியின் எண் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். அதிலிருந்து தொடங்கி முதல் இரண்டு சுற்றைப் போட்டு மேசைமேல் வைத்துப் பார்க்கலாம். எண்ணிக்கை 16 ஆகவும், சங்கிலி தையலோடு சமமாகவும் இருந்தும் நடுப்பகுதி கிண்ணம்போல் குழிந்தால், படித்ததில் குறையில்லை, கை இறுக்கம்தான் காரணம். ஊசியை ஓர் அளவு பெரிதாக்கி முதலிலிருந்து போட வேண்டும்.